ஒரு எண்ணெய் பாட்டில் போட்டோ, ஐந்து விநாடி வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விற்கும் பொருளின் போட்டோவை முதல் பிரேமாகக் கொடுத்து ஏ.ஐ. மூலம் சின்ன வீடியோ எடுப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. பெரும்பாலான பதில்களுக்கு ஒரே பொருளை எடுத்துக்கொள்கிறேன்: மரச்செக்கு நல்லெண்ணெய் நிரப்பிய அரை லிட்டர் கண்ணாடி பாட்டில், முன்பக்கம் தமிழ் லேபிள், மேலே கறுப்பு மூடி. கண்ணாடி, திரவம், எழுத்து என்று தொல்லை தரும் மூன்றும் அந்த ஒரு பாட்டிலிலேயே இருக்கின்றன. அது சரியாக வந்துவிட்டால் ஊறுகாய் ஜாடியும் சோப்பு டப்பாவும் தானாக வந்துவிடும்.

முதல் பிரேமா என் போட்டோவைத்தானே கொடுக்கிறேன். அப்புறம் பாட்டில் எப்படி மாறும்?

போட்டோ முதல் பிரேமுக்கு மட்டும்தான். அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு பிரேமையும் மாடல் புதிதாக வரைகிறது. உதாரணத்துக்கு, அலிபாபா 2025-இல் வெளியிட்ட Wan 2.1 மாடல் வழக்கமாக 81 பிரேம்களை, விநாடிக்கு 16 வீதம், ஏறக்குறைய 5 விநாடிக்குத் தருகிறது. அதில் உங்களுடையது ஒன்று. மீதி 80 பிரேமும், "இப்படி ஒரு பாட்டில் இருந்தால் அடுத்து என்ன நடக்கும்" என்ற ஊகம்.

அந்த ஒரு பிரேமைக்கூட மாடல் பிக்சல் பிக்சலாகப் பார்ப்பதில்லை. நீளத்திலும் அகலத்திலும் எட்டு எட்டு பிக்சல்களை ஒரு கட்டமாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்தில்தான் வேலை செய்கிறது. முடிந்த பிறகு விரித்துப் படமாக்குகிறது. அதனால் பெரிய வடிவங்கள் தங்கிவிடும், நுணுக்கமானவை கரையும்.

பாட்டிலின் முதுகு எப்படி இருக்கும், மூடிக்கு மேல்புறம் என்ன இருக்கிறது என்பதெல்லாம் போட்டோவில் இல்லை. அவற்றைக் காட்ட வேண்டிய நிலைக்கு மாடலைத் தள்ளினால் அது தானாக ஏதாவது இட்டு நிரப்பும். விசித்திர அசைவுகளில் பெரும்பாலானவை பிறப்பது அங்கேதான். எனவே நம் வேலை, மாடல் ஊகிக்க வேண்டிய இடங்களைக் குறைப்பது. அதில் பாதிக்கு மேல் போட்டோ எடுக்கும்போதே முடிந்துவிடும். மாடலுக்கு எழுதிக் கொடுக்கும் பிராம்ப்டுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

பாட்டில் தானா சுத்துது. நான் சுத்தச் சொல்லவே இல்லையே?

போட்டோவின் பின்னணி வெறும் வெள்ளையா என்று முதலில் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் ஆன்லைன் கடைக்காக எடுத்து வைத்த வெள்ளைப் பின்னணிப் படத்தையே இதற்கும் கொடுக்கிறார்கள். பட்டியலில் போட அந்தப் படம் சரி. வீடியோவின் முதல் பிரேமுக்கு அதைவிட மோசமான தேர்வு கிடையாது.

காரணம் எளிது. கேமரா பக்கவாட்டில் நகர்ந்தால் நிஜ உலகில் என்ன ஆகும்? அருகில் இருக்கும் பொருள் வேகமாகவும் தூரத்துச் சுவர் மெதுவாகவும் நகர்வதுபோலத் தெரியும். பஸ் ஜன்னலில் உட்கார்ந்தால் சாலையோர மரம் ஓடும், தூரத்து மலை நிற்கும், அதே கணக்குதான். வெள்ளைப் பின்னணியில் ஓடவும் ஒன்றுமில்லை, நிற்கவும் ஒன்றுமில்லை. "கேமரா மெல்ல நகர்கிறது" என்று எழுதினால், அந்த நகர்வைக் காட்ட மாடலுக்கு இருக்கும் ஒரே பொருள் பாட்டில். அதனால் அதையே சுற்றிவிடுகிறது. கேமராவைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதாவிட்டாலும், வெள்ளைப் பின்னணியில் சுழலும் பொருளை விளம்பரங்களில் நாம் எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! மாடலும் அப்படிப்பட்ட வீடியோக்களைப் பார்த்தே பழகியிருக்கிறது.

தீர்வு, பாட்டிலுக்கு ஒரு தரையும் ஒரு தூரமும் கொடுப்பது. வரி ஓடும் மரப்பலகைமேல் வையுங்கள். பின்னால் இரண்டு அடி தள்ளி ஒரு சுவரோ ஜன்னலோ இருக்கட்டும். பாட்டிலின் நிழல் பலகைமேல் விழுவது தெரிய வேண்டும். நிழல் இல்லாத பொருளை மாடல் மிதக்கும் பொருளாக எடுத்துக்கொள்கிறது. மிதப்பது எந்தப் பக்கமும் திரும்பலாம். பலகையில் ஒரு முடிச்சு, பக்கத்தில் ஒரு பித்தளைக் கிண்ணம் என்று அடையாளம் இரண்டு இருந்தால் போதும், சுழற்சி பெரும்பாலும் நின்றுவிடும்.

அப்போ போட்டோவை எப்படித்தான் எடுக்கணும்? ஒரு தடவை முழுசா சொல்லுங்க.

அந்த நல்லெண்ணெய் பாட்டிலுக்கு நான் செய்தது இது.

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை, மேலே பழைய பலா மரப்பலகை. இடது பக்க ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினேன். வீட்டு விளக்கு எல்லாவற்றையும் அணைத்தேன். இந்த இரண்டும் முக்கியம். கண்ணாடியில் ஒரே ஒரு நீளமான வெளிச்சக்கோடு விழுந்தால் மாடல் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். மேலே நாலு பல்பு எரிந்தால் கண்ணாடியில் நாலு சின்னப் புள்ளிகள் தெரியும். வீடியோவில் அவை எறும்புபோல ஊரத் தொடங்கும்.

கேமராவை லேபிளின் நடு உயரத்துக்கு இறக்கி, லேபிளுக்கு நேர் எதிரே வைத்தேன். மேலிருந்து சாய்த்து எடுத்தால் பாட்டில் கீழே குறுகித் தெரியும். மாடல் அதை நிமிர்த்த முயலும்போது அடிப்பாகம் இழுபடும். பாட்டில் நேராக நிற்க வேண்டும். கொஞ்சம் சாய்ந்து நின்றாலும் "விழப்போகிறது" என்று எடுத்துக்கொண்டு சாய்த்தே விடுகிறது. போட்டோவில் இருக்கும் பாதி அசைவு எதுவாக இருந்தாலும் மாடல் அதை முழுமையாக்கப் பார்க்கும். பிடிக்கப்போகும் கை, சொட்டப்போகும் துளி, திறந்து கிடக்கும் மூடி, மூன்றையும் அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது எண்ணெயின் மேல்மட்டம். முதலில் பாட்டில் முக்கால் அளவே நிறைந்திருந்தது. அந்த மேல்மட்டக் கோடு வீடியோவில் கடல் அலைபோல ஆடியது, பாட்டில் அசையாமலே. எண்ணெயைக் கழுத்துக்குள் ஏறும் வரை ஊற்றி, கோடு மூடியின் விளிம்புக்குக் கீழே ஒளிந்துகொள்ளும்படி செய்தேன். ஆடுவதற்குக் கோடே இல்லை என்றானதும் ஆட்டமும் இல்லை.

கடைசியாக அளவு. செங்குத்து வீடியோ வேண்டுமென்றால் படத்தை நீங்களே 9:16-க்கு வெட்டி, 720 × 1280 பிக்சலுக்குக் கொண்டுவந்து கொடுங்கள். சதுரப் படத்தைக் கொடுத்தால் சில கருவிகள் தாமாக வெட்டிவிடும், சில இழுத்துவிடும், சில மேலும் கீழும் கற்பனையாக நிரப்பும். மூன்றுமே உங்கள் கையில் இல்லை. பாட்டிலைச் சுற்றி எல்லாப் பக்கமும் இடம் விடுங்கள். மூடி பிரேமின் விளிம்பில் இடித்தால், கேமரா இம்மி நகர்ந்தாலும் மூடியின் மீதியை மாடலே கற்பனை செய்யும்.

லேபிள்ல இருக்கிற தமிழ் எழுத்து உருகி வேற எழுத்தாகுது. பிராம்ப்ட்ல எப்படி எழுதினா நிக்கும்?

பிராம்ப்டால் இதை நிறுத்த முடியாது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் ஏன் என்று புரியும்.

பாட்டிலின் உயரம் 24 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 1280 பிக்சல் உயரப் படத்தில் அது அறுபது சதவீதம் நின்றால் ஏறக்குறைய 768 பிக்சல். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 3.2 பிக்சல். லேபிளில் 2 மி.மீ. உயரத்தில் அச்சிட்ட "தேவையான அளவு வெயிலில் காய்ந்த எள்" என்ற வரிக்குக் கிடைப்பது ஆறு பிக்சல். மாடலின் ஒரு கட்டமே எட்டு பிக்சல் என்று மேலே சொன்னேன். முழு எழுத்தும் ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. அதில் புள்ளிக்கும் கொம்புக்கும் சுழிக்கும் இடம் எங்கே? 15 மி.மீ. உயரத்தில் இருக்கும் பிராண்டு பெயருக்கு 48 பிக்சல் கிடைக்கும், அது ஓரளவு தாங்கும். அதிலும் "ணெ" மாதிரியான எழுத்தில் சுழி ஒன்று குறைவதைப் பார்த்திருக்கிறேன்.

எனவே எழுத்தை மாடலிடம் ஒப்படைக்காதீர்கள். வீடியோ வந்த பிறகு, அசல் போட்டோவிலிருந்து லேபிளையும் மூடியையும் மட்டும் வெட்டி மேலே ஒட்டிவிடுங்கள். இதற்கு ஒரே நிபந்தனை: கேமராவும் பாட்டிலும் துளிகூட அசையக்கூடாது. அசையாத வீடியோவை எப்படி வாங்குவது என்பது அடுத்த பதிலில் வருகிறது.

செய்முறை இது. மாடலுக்குக் கொடுத்த அதே 720 × 1280 படத்தை எடிட்டரில் திறந்து, லேபிளும் மூடியும் தவிர மற்ற எல்லாவற்றையும் அழித்து, பின்னணி இல்லாத PNG-யாகச் சேமியுங்கள். வெட்டிய விளிம்பை இரண்டு பிக்சலுக்கு மென்மையாக்குங்கள், இல்லாவிட்டால் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருக்கும். பிறகு கணினியில் ffmpeg என்ற இலவச மென்பொருளுக்கு இந்த ஒரு வரி:

```
ffmpeg -i clip.mp4 -i label.png -filter_complex "[0:v][1:v]overlay=0:0" -c:v libx264 -crf 18 -pix_fmt yuv420p out.mp4
```

முழு பாட்டிலையும் ஏன் ஒட்டக்கூடாது என்று கேட்பார்கள். கண்ணாடி வழியே பின்னணி தெரிகிறதே. பின்னால் நிழல் ஆடும்போது, ஒட்டிய பாட்டிலுக்குள் மட்டும் எல்லாம் உறைந்து நின்றால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஒளி ஊடுருவாத பகுதிகளை மட்டும் ஒட்டினால் கண்ணாடி தன் பாட்டுக்கு உயிரோடு இருக்கும். இதே காரணத்தால் வீடியோ நடுவே பாட்டில்மேல் விழும் வெளிச்சமும் மாறக்கூடாது. சுற்றிலும் வெளிச்சம் கூடும்போது லேபிள் மட்டும் அப்படியே இருந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிராம்ப்ட்ல என்ன எழுதணும்? நான் பாட்டிலைப் பத்தி பத்து வரி எழுதுறேன்.

அந்தப் பத்து வரியும் வேண்டாம். பாட்டில் எப்படி இருக்கிறது என்பதைப் போட்டோவே சொல்லிவிட்டது. நீங்கள் மறுபடி வர்ணித்தால், வார்த்தையும் படமும் பொருந்தாத இடத்தில் மாடல் படத்தைத் திருத்தப் பார்க்கும். "பொன்னிறத் தூய எண்ணெய்" என்று எழுதினேன். செக்கு எண்ணெயின் கருஞ்சிவப்பு மூன்றாம் விநாடியில் சூரியகாந்தி எண்ணெயின் மஞ்சளாக வெளுத்துவிட்டது.

எழுத வேண்டியது மூன்று: கேமரா என்ன செய்கிறது, எது அசையாது, எது அசைகிறது. அசைவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். அது விற்கும் பொருளாக இல்லாமல் பக்கத்தில் இருக்கும் வேறொன்றாக இருக்கட்டும். என் பாட்டிலுக்கு, பின்சுவரில் விழுந்த வேப்பிலை நிழலை அசைய விட்டேன். ஆங்கில வாசகத்துக்குக் கருவிகள் நம்பகமாக ஒத்துழைப்பதால் இப்படி எழுதினேன்:

```
Locked-off tripod shot, the camera does not move.
The oil bottle stands still on the wooden board.
Soft leaf shadows sway gently on the wall in the background.
Lighting on the bottle stays constant.
```

எதையும் அசையச் சொல்லாமல் "எல்லாம் அசையாமல் இருக்கட்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். வீடியோ என்றால் ஏதாவது அசைந்தாக வேண்டும் என்றே மாடல் பயின்றிருக்கிறது. அந்த அசைவுக்கு ஒரு போக்கிடம் காட்டாவிட்டால் அது பாட்டில்மேல் இறங்கும். நிழல், ஆவி, தூரத்துத் திரைச்சீலை இவை நல்ல போக்கிடங்கள்.

"சுழலக்கூடாது", "உருமாறக்கூடாது" என்பவற்றைப் பிராம்ப்டிலேயே எழுதினால் சில கருவிகளில் எதிர்மாறாக நடக்கும். "சுழல்" என்ற சொல்தான் அதன் காதில் விழுகிறது. கருவியில் நெகட்டிவ் பிராம்ப்டுக்குத் தனிப் பெட்டி இருந்தால் அங்கே `rotation, morphing, warped text, camera shake` என்று போடுங்கள். பெட்டி இல்லாவிட்டால், வேண்டியதை மட்டும் நேராகச் சொல்லுங்கள்.

கேமரா கொஞ்சமாவது நகரணும், இல்லன்னா போட்டோ மாதிரியே இருக்குன்னு ஓனர் சொல்றார்.

நகர்வுகள் எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. பாட்டிலை நோக்கி மெல்ல நெருங்குவது பாதுகாப்பு, ஏனென்றால் கடைசியில் தெரியப்போகும் எல்லாம் முதல் பிரேமிலேயே இருக்கிறது. பின்வாங்குவது ஆபத்து, பிரேமுக்கு வெளியே இருந்ததை மாடல் கற்பனை செய்தாக வேண்டும். சுற்றி வருவது அதைவிட ஆபத்து. பாட்டிலின் காணாத பக்கத்தையே அது கற்பனை செய்தாக வேண்டும்.

நான் ஓனரிடம் வாதாடுவதில்லை. அசையாத கேமராவில் வீடியோவை எடுத்து, லேபிளை ஒட்டி முடித்து, அதன் பிறகு எடிட்டிங்கில் ஐந்து விநாடிக்குள் 100-இலிருந்து 106 சதவீதத்துக்கு மெல்ல ஜூம் செய்கிறேன். பார்ப்பவருக்குக் கேமரா நெருங்குவதாகத்தான் தெரியும். வரிசை மட்டும் மாறக்கூடாது: ஒட்டுவது முதலில், ஜூம் பிறகு. மாற்றிச் செய்தால் லேபிள் ஒரு வேகத்திலும் பாட்டில் ஒரு வேகத்திலும் போகும்.

பாட்டிலைச் சுத்திக் காட்டியே ஆகணும். வழி இருக்கா?

முதல் பிரேமோடு கடைசி பிரேமையும் வாங்கிக்கொள்ளும் மாடல்கள் இருக்கின்றன, Wan 2.1-க்கும் அப்படி ஒரு வடிவம் உண்டு. இரண்டு நிஜ போட்டோக்களைக் கொடுத்தால் நடுவில் உள்ளதை மட்டும் அது நிரப்பும். ஆனால் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கொடுக்காதீர்கள். உருண்டை பாட்டில் இடமாகத் திரும்பிப் பின்பக்கம் வந்ததா வலமாகத் திரும்பி வந்ததா என்று அறிய எந்தத் தடயமும் இல்லை. பாதி வழியில் முன் லேபிள் கரைந்து பின் லேபிளாக மாறும். 15, 20 டிகிரி வித்தியாசத்தில் எடுத்த இரண்டு படம் என்றால், லேபிளின் ஓரம் எந்தப் பக்கம் போயிருக்கிறது என்பதிலிருந்தே திசை தெரிந்துவிடும்.

முழுச் சுற்று வேண்டுமென்றால் கேக் அலங்கரிக்கும் சுழல் தட்டு ஒன்றை வாங்கி, பாட்டிலை அதன்மேல் வைத்து போனில் வீடியோ எடுங்கள். பத்து நிமிட வேலை, எழுத்து ஒன்றும் உருகாது. பொருள் கையில் இருக்கும்போது இதற்கு ஏ.ஐ. தேவையே இல்லை என்பது என் கருத்து.

எனக்கு நேர் எதிர் பிரச்சினை. படம் அசையவே மாட்டேங்குது, லேசா ஜூம் ஆகிட்டு நின்னுடுது.

போட்டோ அதிகப்படி சுத்தமாக இருப்பது ஒரு காரணம். வீடியோவிலிருந்து எடுத்த பிரேம் எப்போதும் கொஞ்சம் மங்கலாக, சுருக்கிச் சேமித்ததன் தழும்புகளோடு இருக்கும். ஸ்டுடியோ போட்டோ கூர்மையாக இருப்பதால், "இது அசையாத படம்" என்று மாடல் அடையாளம் கண்டுவிடுகிறது. LTX-Video மாடலில் இது நன்றாகவே தெரிந்த பழக்கம். அதனால்தான் இத்தகைய மாடல்களை இயக்கும் ComfyUI மென்பொருளில் அதற்கான `LTXVPreprocess` கட்டத்தில், படத்தை வேண்டுமென்றே சற்றுத் தரம் குறைத்து அனுப்ப `img_compression` என்ற எண் வைத்திருக்கிறார்கள். மற்றக் கருவிகளில் படத்தைக் குறைந்த தர JPG-யாகச் சேமித்துக் கொடுத்துப் பாருங்கள். எப்படியும் லேபிளை அசலிலிருந்து ஒட்டப்போகிறோம் என்பதால் இழப்பில்லை.

அசைவின் அளவுக்கே ஒரு எண் வைத்திருக்கும் மாடல்களும் உண்டு. 2023 நவம்பரில் வந்த Stable Video Diffusion-இல் அது `motion_bucket_id`. தொடக்க மதிப்பு 127. இதைக் கூட்டினால் அசைவு கூடும், பாட்டிலின் நெளிவும் சேர்ந்தே கூடும். அசைவு இலையில் வேண்டும் பாட்டிலில் வேண்டாம் என்ற பாகுபாடு ஒரு எண்ணுக்குத் தெரியாது. அதனால் நான் இதைக் கடைசியாகத்தான் தொடுவேன்.

எத்தனை செகண்ட் எடுக்கலாம்? கடைசி பிரேமை எடுத்து மறுபடி கொடுத்து நீட்டலாமா?

நீட்டாதீர்கள். கடைசி பிரேம் ஏற்கெனவே ஊகம். அதை முதல் பிரேமாக்கினால் ஊகத்தின் மேல் ஊகம். மூன்றாவது சுற்றில் நிறம் அடர்ந்து, மூடியின் வரிகள் மழுங்கி, வேறு பாட்டிலாகிவிடும். பதினைந்து விநாடி வேண்டுமென்றால் மூன்று தனித்தனி போட்டோ, மூன்று தனித்தனி ஐந்து விநாடி.

முடிந்ததும் தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஓடும் வீடியோ வேண்டும் என்பவர்கள், அதே போட்டோவை முதல் பிரேமாகவும் கடைசி பிரேமாகவும் கொடுக்கலாம். அந்த வசதி இல்லாவிட்டால் வீடியோவைத் தலைகீழாக ஓடவிட்டு ஒட்டுவார்கள். இலை நிழலுக்கு அது பொருந்தும், எந்தப் பக்கம் ஆடினாலும் ஒன்றுதான். காபி டம்ளரின் ஆவிக்குப் பொருந்தாது. ஆவி கீழே இறங்கி டம்ளருக்குள் போகும்.

நல்லாத்தான் இருக்குன்னு போட்டேன், கமெண்ட்ல பாட்டில் நெளியுதுன்னு சொன்னாங்க. முன்னாடியே எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓடும் வீடியோவில் மெதுவான நெளிவு கண்ணுக்குப் பழகிவிடும். பிரேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தப்பாது. ஐந்து விநாடி வீடியோவிலிருந்து விநாடிக்கு நாலு வீதம் இருபது பிரேமை ஒரே தாளாக்கும் வரி இது:

```
ffmpeg -i clip.mp4 -vf "fps=4,scale=270:-1,tile=5x4" -frames:v 1 sheet.png
```

தாளில் முதலில் பலகையின் முடிச்சைப் பாருங்கள். இருபதிலும் ஒரே இடத்தில் இருந்தால் கேமரா நின்றிருக்கிறது. அடுத்து பாட்டிலின் அடி பலகையைத் தொடும் கோடு. அங்கே நிழல் பிரிந்தால் பாட்டில் மிதக்கிறது. பிறகு இரண்டு தோள்களின் வளைவு ஒன்றுக்கொன்று சமமாக இருக்கிறதா, வெளிச்சக்கோடு இடம் மாறுகிறதா, மூடியின் விளிம்பு தடிக்கிறதா என்று பாருங்கள். முதல் படத்தையும் இருபதாவது படத்தையும் மட்டும் பெரிதாக்கி ஒப்பிட்டாலே பாதித் தவறு தெரிந்துவிடும்.

தவறு இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாடலின் தற்செயல் தொடக்கத்தைத் தீர்மானிக்கும் ஸீட் எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு பிராம்ப்டில் ஒரு வரியை மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று தெரியும். மூன்று ஸீட் மாற்றியும் ஒரே தவறு அதே இடத்தில் வந்தால் சிக்கல் போட்டோவில் இருக்கிறது. பிராம்ப்டோடு மல்லுக்கட்டாமல் மறுபடி படம் எடுங்கள். என் பாட்டிலில் எண்ணெய் மட்டம் ஆடியதை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். அதற்கு முன் ஒரு முழு மாலை பிராம்ப்டை மாற்றிக்கொண்டிருந்தேன்.

நகை, பட்டுப்புடவைக்கும் இதே முறைதானா?

நகையில் கல்லை எண்ணுங்கள். பதினோரு கல் அட்டிகை நடுவில் பத்தாகி மறுபடி பன்னிரண்டாகும். மினுக்கு வேண்டுமென்றால் அதை எடிட்டிங்கில் சேர்ப்பது நல்லது. பட்டுப்புடவையைக் காற்றில் பறக்கவிடச் சொன்னால், மடிப்பு விரியும்போதெல்லாம் ஜரிகை அன்னம் வேறேதோ பறவையாகிவிடும். மடித்து வைத்த புடவை, பக்கத்தில் அசையும் விளக்குச் சுடர், அவ்வளவு போதும். பித்தளைப் பாத்திரத்தில் படம் எடுப்பவரின் உருவம் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீடியோவில் அந்த உருவம் நடக்கத் தொடங்கும்.

ஏ.ஐ. வீடியோவில் எண்ணெய் கொஞ்சம் கெட்டியா, பளபளன்னு தெரிஞ்சா தப்பா?

தப்புதான். பொருளைப் பற்றிப் பொய்யான தோற்றம் தரும் விளம்பரத்தை இந்தியாவின் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. வரைந்தது மாடல் என்றாலும் வெளியிட்டது நீங்கள். எண்ணெய் ஊற்றும் காட்சியை மாடலிடம் விடாதீர்கள். அது தேன்போல இழுத்து ஊற்றும்; வாங்கியவர் வீட்டில் அப்படி ஊற்றாது. ஊற்றுவதைக் காட்ட வேண்டுமென்றால் உங்கள் எண்ணெயையே ஊற்றி வீடியோ எடுங்கள்.

நான் போன்லதான் எல்லாம் பண்றேன். கமாண்ட் எல்லாம் தெரியாது.

லேயர் வைக்க முடிந்த எந்த போன் எடிட்டரும் போதும். கீழே ஏ.ஐ. வீடியோ, மேலே லேபிள் PNG. பின்னணி நீக்கும் வசதியில் பாட்டில் முழுவதும் வெட்டுப்பட்டு வரும். அதில் கண்ணாடிப் பகுதியை விரலால் அழித்துவிட்டு லேபிளையும் மூடியையும் மட்டும் விடுங்கள். சேமிக்கும்போது படத்தின் முழு அளவையும் வைத்திருங்கள், வெட்டிய துண்டு அளவுக்குச் சுருக்காதீர்கள். அப்போதுதான் மேலே வைத்ததும் தானாகப் பொருந்தும். வீடியோவின் முதல் பிரேமில் நிறுத்தி, கீழே உள்ளது தெரியும்படி லேயரின் ஒபாசிட்டியைப் பாதியாகக் குறைத்து, இரண்டு லேபிளும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு இம்மி விலகியிருந்தால் அங்கேயே நகர்த்திவிட்டு ஒபாசிட்டியை மறுபடி முழுதாக்குங்கள். பிறகு கடைசி பிரேமுக்குப் போய் அதே சோதனையை ஒருமுறை செய்யுங்கள். அங்கே விலகியிருந்தால் பாட்டில் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். லேபிளை இழுத்துப் பிடித்து ஒப்பேற்றாமல் அந்த வீடியோவை விட்டுவிட்டு வேறு ஸீடில் எடுங்கள்.